சீல் உடையாத பெட்டியும் உள்ளே இருக்கும் போனும்

"தருமபுரியில் ஒரு கடையில் ஐபோன் 16 சீல் பிரிக்காத பெட்டியாக, மற்ற கடைகளைவிட 5,000 ரூபாய் குறைவாகத் தருகிறேன் என்கிறார்கள். பில் உண்டாம். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பரை வைத்தே இது யாரும் தொடாத புது போன் என்று கண்டுபிடிக்க முடியுமா? சீல் சரியாக இருந்தால் போதாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

இந்தக் கேள்விக்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பெட்டியை யாராவது திறந்தார்களா என்பது ஒன்று. அந்த சீரியல் நம்பருக்குரிய போனை யாராவது ஆன் செய்து ஆக்டிவேட் செய்தார்களா என்பது இரண்டாவது. பெட்டியில் அச்சடித்த நம்பரும் உள்ளே இருக்கும் போனின் நம்பரும் ஒன்றுதானா என்பது மூன்றாவது. சீல் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாகத்தான் பதில் சொல்லும். சீரியல் நம்பர் இரண்டாவதற்கு நல்ல பதில் சொல்லும். மூன்றாவதற்குப் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. நான் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் 14 வருடமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். பாதி வேலை விற்பனை, பாதி வேலை சர்வீஸ். அதனால் விற்பவன் சொல்லும் சமாதானமும் தெரியும், வாங்கியவர் கொண்டுவரும் புலம்பலும் தெரியும்.

முதலில் சீல். ஐபோன் 13 வந்த 2021-லிருந்து பெட்டியின் மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை ஆப்பிள் எடுத்துவிட்டது. இப்போது பெட்டியின் பின்பக்கத்தில் இரண்டு காகிதப் பட்டைகள்தான் இருக்கும், இழுத்துக் கிழிப்பதற்கு அம்புக்குறி போட்டிருக்கும். ஒருமுறை இழுத்தால் அது கிழிந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. ஆனால் அதே மாதிரிப் புதுப் பட்டையை அச்சடித்து ஒட்ட முடியும், அப்படி ஒட்டவும் செய்கிறார்கள். பழைய மாடல்களுக்கு உறை போட்டு ஹீட் கன் காட்டினால் இரண்டு நிமிட வேலை. ஆண்ட்ராய்டு பெட்டிகளில் வரும் வட்டமான ஒளிபுகும் ஸ்டிக்கரை, முடி உலர்த்தும் டிரையரின் சூட்டிலேயே மெதுவாகத் தூக்கிவிடலாம்.

திரும்ப ஒட்டியதை எப்படிக் கண்டுபிடிப்பது? வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, பட்டை முடியும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். பட்டைக்கு வெளியே பசையின் பளபளப்பு தெரிந்தாலோ, அட்டையின் மேல்தோல் நூலிழைபோல் பிய்ந்திருந்தாலோ, இரண்டு பட்டைகளும் வெவ்வேறு சாய்வில் இருந்தாலோ சந்தேகப்படலாம். அவ்வளவுதான், சந்தேகப்பட மட்டும்தான் முடியும். கம்பெனியிலிருந்து வருவதிலேயே சில பெட்டிகளில் பட்டை கோணலாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மிகச் சுத்தமாக மறுபடி ஒட்டிய பெட்டியில் நானே ஏமாந்தும் இருக்கிறேன். ஆகவே, சீல் கெட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சீல் நன்றாக இருந்தால் அதை ஒரு சாட்சியாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வேலைக்குப் போங்கள்.

அடுத்த வேலைதான் முக்கியமானது. ஐபோனை முதல் முறை ஆன் செய்தால் ஹலோ திரை வரும். அங்கிருந்து மொழி, நாடு, வைஃபை என்று போனதும் போன் ஆப்பிளின் சர்வரைத் தொடர்புகொண்டு தன்னைப் பதிவு செய்துகொள்ளும். இதற்குத்தான் ஆக்டிவேஷன் என்று பெயர். இது நடக்காமல் ஐபோனின் முகப்புத் திரைக்கே போக முடியாது. இந்தத் தேதி போனுக்குள் மட்டும் இருந்தால் ரீசெட் செய்து அழித்துவிடலாம். ஆனால் அது ஆப்பிளிடம் இருக்கிறது. போனைப் பத்து முறை ரீசெட் செய்து, ஹலோ திரைக்குக் கொண்டுவந்து, பெட்டியில் வைத்து, புதுப் பட்டை ஒட்டினாலும் அந்தத் தேதி அங்கே அப்படியே இருக்கும். கடைக்காரர் நினைத்தாலும் மாற்ற முடியாத விஷயம் இந்த ஒன்றுதான். அதனால்தான் நான் சீலைவிட இதை நம்புகிறேன்.

பார்க்கும் முறை எளிது. பெட்டியின் பின்பக்க லேபிளில் Serial No. என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே 15 இலக்க ஐஎம்இஐ நம்பர்களும் இருக்கும். பெட்டியைப் பிரிக்காமலே, உங்கள் சொந்த போனில் checkcoverage.apple.com என்று தட்டச்சு செய்து திறந்து, அந்த சீரியல் நம்பரைப் போடுங்கள். கடைக்காரர் தன் போனில் காட்டுவதையோ, அவர் அனுப்பும் லிங்க்கையோ வைத்து முடிவு செய்ய வேண்டாம். சீரியலில் வட்டமாக ஒரு எழுத்து இருந்தால் அது பூஜ்யம். ஆப்பிள் சீரியலில் O என்ற எழுத்தைப் பயன்படுத்துவதில்லை. இதைத் தப்பாகப் போட்டுவிட்டு "நம்பரே இல்லை என்கிறது, டூப்ளிகேட்" என்று கடையில் சண்டை போட்டவர்களும் உண்டு.

பதில் மூன்று விதமாக வரலாம். போன் இன்னும் ஆக்டிவேட் ஆகவில்லை, முதலில் ஆக்டிவேட் செய்யுங்கள் என்ற பொருளில் வந்தால் நல்லது. அந்த சீரியலுக்குரிய போனை இதுவரை யாரும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை என்று அர்த்தம். வாரண்டி நடப்பில் இருக்கிறது, இன்ன தேதியில் முடியும் என்று வந்தால், அந்த முடிவுத் தேதியிலிருந்து ஒரு வருடம் பின்னால் எண்ணுங்கள். இந்தியாவில் ஐபோனுக்கு ஒரு வருட வாரண்டி என்பதால், ஆப்பிளின் கணக்கில் அந்த போன் என்று வேலை செய்யத் தொடங்கியது என்பது அதிலேயே வந்துவிடும். வாரண்டி முடியும் தேதி, இன்றிலிருந்து சரியாக ஒரு வருடம் தள்ளி இல்லாமல் எட்டு மாதத்தில் இருந்தால், நான்கு மாதம் முன்பே கதை தொடங்கிவிட்டது. மூன்றாவதாக, அப்படி ஒரு நம்பரே இல்லை என்று வந்தால் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே ஒரு வரம்பு இருக்கிறது. ஆக்டிவேட் ஆகவில்லை என்ற பதில் லேபிளில் இருக்கும் நம்பரைப் பற்றியது, உள்ளே இருக்கும் போனைப் பற்றியது அல்ல. வேறொரு புதுப் பெட்டியின் நம்பரைப் பார்த்து அச்சடித்த லேபிளை, பழைய போன் இருக்கும் பெட்டியில் ஒட்டியிருந்தால் இந்தச் சோதனை அதையும் பாஸ் என்றுதான் சொல்லும். ஆகவே பெட்டியைத் திறந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பலர் இதைத் தெரியாமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். போனை ஆன் செய்து ஹலோ திரை வந்ததும் எதையும் தள்ளிவிட வேண்டாம். அந்தத் திரையின் கீழ் மூலையில் வட்டத்துக்குள் சிறிய i இருக்கும். அதைத் தொட்டால் போனின் சீரியலும் ஐஎம்இஐயும் தெரியும். ஆக்டிவேட் ஆவதற்கு முன்பே, பெட்டி லேபிளோடும் கடை பில்லோடும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுவிடலாம். மூன்றும் ஒன்றாக இருந்து, சற்றுமுன் இணையத்தில் பார்த்தபோது ஆக்டிவேட் ஆகவில்லை என்றும் வந்திருந்தால், உங்கள் மூன்று கேள்விகளில் பின்னால் உள்ள இரண்டும் தீர்ந்துவிட்டன. அதற்கு அப்புறம் முதல் கேள்வி, அதாவது பெட்டியை யாராவது திறந்து பார்த்தார்களா என்பது, பெரிய விஷயமே இல்லை.

ஒரு நிஜ நிகழ்வைச் சொல்கிறேன், இதெல்லாம் நடைமுறையில் எப்படி வருகிறது என்று அதில் தெரியும். 2024 தீபாவளிக்கு முன்பு காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர், மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் ஐபோன் 15 வாங்கியிருக்கிறார். எந்த ஊர்க் கடை என்பது இங்கே வேண்டாம். அக்டோபர் 20-ஆம் தேதி பில், சீல் பெட்டி, வீட்டில் பூஜை போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மகள் போனில் வாரண்டி பார்த்தால் 2025 ஜூன் 13-இல் முடிகிறது என்று வருகிறது. கடையில் கேட்டதற்கு, "அது கம்பெனி ஸ்கீமுக்காக ஆக்டிவேட் மட்டும் பண்ணி வெச்சதுங்க, யாரும் யூஸ் பண்ணல" என்றிருக்கிறார்கள். அவருக்கு அது உண்மையா பொய்யா என்று தெரியவில்லை. "நீங்க ஒரு தடவை பாத்து சொல்லுங்க தம்பி" என்று பெட்டியோடு என் மேஜையில் வைத்தார்.

கடைக்காரர் சொன்னது அப்படியே ஒதுக்கிவிடக்கூடிய சமாதானமும் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு கடை எத்தனை போன் விற்றது என்பதைப் பல கம்பெனிகளும் டிஸ்ட்ரிபியூட்டர்களும் பில்லை வைத்து மட்டும் எண்ணுவதில்லை, ஆக்டிவேஷனை வைத்தும் எண்ணுகிறார்கள். மாதக் கடைசியில் டார்கெட்டுக்கு ஐந்து போன் குறைகிறது என்றால், விற்காத ஐந்து பெட்டியைப் பிரித்து, ஆக்டிவேட் செய்து, ரீசெட் போட்டுத் திரும்ப வைத்துவிடும் பழக்கம் உண்டு. இன்சென்டிவ் வந்துவிடும், போன் அலமாரியில் இருக்கும். பிறகு அதைச் சில ஆயிரம் குறைத்துத் தள்ளிவிடுவார்கள். அந்த போன் கை படாததுதான், ஆனால் வாங்குபவரின் வாரண்டியில் இரண்டு மூன்று மாதம் போயிருக்கும். உங்கள் ஊர்க் கடையின் 5,000 ரூபாய்க் குறைவுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். கார்டு கேஷ்பேக்காகவும் இருக்கலாம், பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம். விலை குறைவு என்பதால் மட்டும் தப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆக, ஆக்டிவேட் மட்டும் ஆன போனா, யாரோ வைத்திருந்து திருப்பிக் கொடுத்த போனா என்பதை எப்படிப் பிரிப்பது? ஐபோன் 15-இலிருந்து இதற்கு நல்ல வழி வந்திருக்கிறது. Settings-இல் Battery, அதற்குள் Battery Health என்று போனால் மூன்று விவரங்கள் தெரியும். பேட்டரி தயாரான மாதம், முதலில் பயன்பாட்டுக்கு வந்த மாதம், Cycle Count என்ற சுற்று எண்ணிக்கை. ஒரு சுற்று என்பது ஒரு முறை சார்ஜரில் போடுவது அல்ல. மொத்தமாக 100 சதவீதம் அளவுக்கு பேட்டரி செலவானால் ஒரு சுற்று. இன்று 50 சதவீதம், நாளை 50 சதவீதம் என்று செலவானால் இரண்டு நாளுக்கு ஒன்றுதான் ஏறும். புதிதாகப் பிரித்த போன்களில் நான் பார்த்தவரை இது பூஜ்யமாகவோ ஒன்று இரண்டாகவோ இருக்கும்.

அவர் கொண்டுவந்த போனில் முதல் பயன்பாடு ஜூன் 2024, சுற்று எண்ணிக்கை 41. மகள் வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறது, என்ன பயன்படுத்தினாலும் அவள் கணக்கில் மூன்றுக்கு மேல் வராது. மீதி 38 சுற்று யாருடையது? ஆக்டிவேட் செய்து அலமாரியில் வைத்த போனில் 38 சுற்று ஏறாது. சாதாரணமாக போன் பார்ப்பவர் கையில் அது ஒன்றரை, இரண்டு மாதப் பயன்பாடு. அதே திரையில் Maximum Capacity 100% என்று இருந்ததைக் காட்டித்தான் கடையில் "பாருங்க, நூறு பர்சென்ட், புதுசு" என்றிருக்கிறார்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று மாதம் பயன்படுத்திய ஐபோனிலும் 100 என்றே இருப்பது சகஜம்.

பேட்டரியை மாற்றிவிட்டால் இந்த எண்ணிக்கை புதுசாகத் தொடங்காதா என்று கேட்கலாம். தொடங்கும், ஏனென்றால் இது பேட்டரியின் கணக்கு. ஆனால் பாகம் மாற்றிய ஐபோனில் Settings, General, About என்று போனால் Parts and Service History என்ற பகுதி தோன்றும். எது மாற்றப்பட்டது, அது ஆப்பிளின் பாகமா, அடையாளம் தெரியாததா என்று அங்கே இருக்கும். புது போனில் அந்தப் பகுதியே இருக்கக் கூடாது. இவருடைய போனில் இல்லை, பேட்டரி அசல்தான்.

அதே About பக்கத்தில் Model Number என்ற வரியையும் பார்த்தேன். அது M-இல் தொடங்கி HN/A என்று முடிந்தது. M என்றால் கடையில் புதிதாக விற்க வந்தது. F என்றால் கம்பெனி புதுப்பித்து விற்றது. N என்றால் சர்வீஸில் பழுதான போனுக்குப் பதிலாகக் கொடுத்தது. P என்றால் பெயர் பொறித்து வாங்கியது. கடைசியில் வரும் HN/A இந்திய விற்பனைக்கானது. சீல் பெட்டி என்று சொல்லி F அல்லது N போனைக் கொடுத்தால் ஒரே எழுத்தில் பிடித்துவிடலாம். பெங்களூரு போய்க் குறைந்த விலைக்கு வாங்கிவந்தேன் என்று சொல்பவர்களின் போனில் சில நேரம் LL/A என்று இருக்கும், அது அமெரிக்காவுக்கானது. ஐபோன் 14-இலிருந்து அந்த நாட்டு போன்களில் சிம் போடும் இடமே கிடையாது, வாங்கிவந்து சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஆனால் கவனியுங்கள், M என்பது "புதிதாக விற்க வந்தது" என்று மட்டும்தான் சொல்கிறது. ஒருவர் வாங்கி இரண்டு மாதம் ஓட்டித் திருப்பிக் கொடுத்தாலும் M மாறாது. காவேரிப்பட்டணத்துக்காரர் விஷயத்தில் சீரியல் லேபிளோடு பொருந்தியது, எழுத்து பொருந்தியது, பாகங்கள் அசல், சீலும் இருந்தது. ஆக்டிவேஷன் தேதியும் சுற்று எண்ணிக்கையும் மட்டும்தான் உண்மையைச் சொன்னது.

திரும்ப பெட்டியைப் பார்த்தபோது வேறு தடயங்களும் கிடைத்தன. திரையின் மேல் வரும் காகிதம் விளிம்பில் சுருங்கியிருந்தது. சார்ஜிங் துளைக்குள் டார்ச் அடித்தால் உலோக நாக்கில் கேபிள் போய்வந்த மெல்லிய கோடுகள். இதெல்லாம் முதலிலேயே இருந்தவைதான். ஆனால் தேதி தெரிந்த பிறகு பார்க்கும்போதுதான் கண்ணில் படுகிறது, இது என் தொழிலிலும் நடக்கும். கோடுகளை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றம் சொல்லமாட்டேன்.

அவரிடம் ஐஎம்இஐ போட்ட முறையான ஜிஎஸ்டி பில் இருந்தது, அதுதான் காப்பாற்றியது. 41 என்று இருந்த திரையைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். ஸ்கீம் கதை அங்கேயே நின்றுவிட்டது. மூன்றாம் நாள் வேறு பெட்டி கொடுத்தார்கள். இந்த முறை மகளே கடையில் நின்று முதலில் சீரியலைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், ஆக்டிவேட் ஆகவில்லை என்று வந்திருக்கிறது. பிரித்ததும் ஹலோ திரையிலேயே நம்பரை ஒப்பிட்டு, அங்கேயே ஆக்டிவேட் செய்து, பேட்டரிப் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தாள். முதல் பயன்பாடு அந்த மாதம், சுற்று பூஜ்யம்.

ஒருவேளை உங்களுக்குக் கிடைப்பது உண்மையிலேயே ஸ்கீமுக்காக ஆக்டிவேட் மட்டும் ஆன போனாக இருந்தால் என்ன செய்வது? விலை குறைவை ஒத்துக்கொண்டு வாங்கினாலும் தப்பில்லை, ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும். வாங்கிய பில்லை ஆப்பிளிடம் அனுப்பி வாங்கிய தேதியைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு முறை இருக்கிறது. பில்லில் தேதியும் ஐஎம்இஐயோ சீரியலோ தெளிவாக இருக்க வேண்டும். "பில் உண்டு" என்று சொல்லிவிட்டுத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுப்பதெல்லாம் இதற்கு உதவாது. பில் போடும்போதே அந்த எண்கள் அதில் ஏறுகிறதா என்று பாருங்கள்.

இதைப் படிக்கும் ஆண்ட்ராய்டுக்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நம் பக்கம் அதுதான் அதிகம் விற்கிறது. அடிப்படை ஒன்றே, ஆனால் உறுதி கொஞ்சம் குறைவு. ஐபோன் போல ஆக்டிவேட் ஆகாமல் உள்ளே போகவே முடியாது என்ற நிலை இங்கே இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களை இணையம் இல்லாமலே செட் செய்து, கொஞ்ச நாள் சிம் இல்லாமல் ஓட்டலாம். கம்பெனி சர்வரில் தேதி ஏறுவது போன் நெட்வொர்க்கில் சேர்ந்த பிறகுதான், அதுவும் சில பிராண்டுகளில் உடனே ஏறாது, ஒரு நாள் தாமதமாகத் தெரியும். எனவே வாரண்டி ஏற்கெனவே தொடங்கியிருக்கிறது என்று வந்தால் அது நிச்சயம். இன்னும் தொடங்கவில்லை என்று வந்தால் அது பெரும்பாலும் சரி, அவ்வளவுதான் சொல்ல முடியும். பல கம்பெனிகளின் இணையதளத்தில் சப்போர்ட் பகுதிக்குள் ஐஎம்இஐ போட்டுப் பார்க்க இடம் இருக்கிறது. அங்கே கிடைக்காவிட்டால் கஸ்டமர் கேரிலோ சர்வீஸ் சென்டரிலோ ஐஎம்இஐ சொல்லி வாரண்டித் தேதி கேளுங்கள். பெட்டியைத் திறந்த பிறகு பெரும்பாலான போன்களில் முதல் திரையிலேயே எமர்ஜென்சி கால் பகுதிக்குப் போய் *#06# அடித்தால் ஐஎம்இஐ வரும், செட் செய்வதற்கு முன்பே ஒப்பிட்டுவிடலாம். பெட்டியில் போட்டிருக்கும் தயாரிப்பு மாதம் ஆறு மாதம் பழையதாக இருப்பதை வைத்து பயப்பட வேண்டாம். அது எப்போது செய்தது என்பதுதான், எப்போது பயன்படுத்தியது என்பதல்ல.

14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தெரிந்துவிடும் என்று யாராவது சொல்வார்கள். KYM என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐயைச் சேர்த்து அனுப்பினால் தொலைத்தொடர்புத் துறையிலிருந்து பதில் வரும், சஞ்சார் சாத்தி தளத்திலும் இதைப் பார்க்கலாம். அந்த ஐஎம்இஐ எந்தக் கம்பெனி, எந்த மாடலுக்குரியது, முடக்கப்பட்டதா என்பது அதில் தெரியும். திருட்டு போன், போலி ஐஎம்இஐ இவற்றைப் பிடிக்க நல்ல வழி, நானும் பழைய போன் வாங்கும்போது தவறாமல் பார்ப்பேன். ஆனால் புது போனா, இரண்டு மாதம் ஓடிய போனா என்று அது சொல்லாது. அதில் சரி என்று வந்ததைக் காட்டி "கவர்ன்மென்ட்லயே புதுசுன்னு வந்திருக்கு" என்று கடைக்காரர் சொன்னால் ஏமாற வேண்டாம்.

இப்போது உங்கள் கடைக்கு வருவோம். வரிசை முக்கியம். சீல் பிரித்த போனை எந்தக் கடையும் எளிதில் திரும்ப எடுக்காது, பில் போடாமல் பிரிக்கவும் விடமாட்டார்கள். அது அவர்கள் பக்கத்து நியாயம். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் லேபிளில் உள்ள சீரியலைப் பார்க்கக் கேளுங்கள், அதற்கு எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அதில் ஆக்டிவேட் ஆகவில்லை என்று வந்தால் அந்தத் திரையைத் தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பில் போடச் சொல்லுங்கள். பிறகு அதே மேஜையில், வீடியோ ஓடவிட்டு, லேபிளைக் காட்டி, சீலைப் பிரித்து, ஹலோ திரையில் நம்பரை ஒப்பிட்டு, உங்கள் கையாலேயே ஆக்டிவேட் செய்து, பேட்டரிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். மொத்தம் 15 நிமிடம் ஆகும். சில கடைகள் தாங்களே "இங்கயே ஆக்டிவேட் பண்ணித்தான் தருவோம்" என்பார்கள், அதற்கு முகம் சுளிக்க வேண்டாம். உங்கள் முன்னால் செய்தால் தேதி இன்றைய தேதிதான், உங்களுக்கும் அதுதான் வேண்டும். லேபிளைப் பார்க்கவே விடமாட்டோம், பணம் கட்டினால்தான் பெட்டியைக் கையில் தருவோம் என்றால் அந்த 5,000 ரூபாயை மறந்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் போய்ப் பார்த்து, தேதி இடித்தால், முதலில் போனை ரீசெட் செய்யாதீர்கள். பேட்டரிப் பக்கம், வாரண்டிப் பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடு கடையில் பேசுங்கள். ஒத்துவரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம். அதற்கு மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. அங்கே வழக்கு எப்படிப் போகும் என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், நான் மொபைல் கடைக்காரன்.

சீரியலைப் போட்டுப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள். படம் போடுவதென்றால் சீரியலையும் ஐஎம்இஐ நம்பர்களையும் பட்டைக் கோடுகளையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். ஆக்டிவேட் ஆகாத புது நம்பர் ஒன்று பொதுவில் கிடைத்தால், அதை லேபிளாக அச்சடித்து வேறொரு பழைய பெட்டியில் ஒட்டுவதற்கு ஆள் இருக்கிறார்கள்.